ஒரு நேரத்தில் ஓர் இலக்கம்

சிவப்பு எண்களில் மணி காட்டும் மேசைக் கடிகாரங்கள் பலவற்றில், எந்தக் கணத்திலும் நான்கு இலக்கங்களில் ஒன்றுதான் எரிகிறது. நம்பாதவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே அதைப் பார்க்கலாம். தலை அதிரும்போது எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் துள்ளும்.

இது கம்பியை மிச்சப்படுத்தும் ஏற்பாடு. ஓர் இலக்கத்தில் ஏழு கோடுகளும் ஒரு புள்ளியுமாக எட்டு எல்.இ.டி.கள். நான்கு இலக்கங்களுக்கும் தனித்தனியே இழுத்தால் 32 கம்பிகள். எட்டுக் கம்பிகளை எல்லா இலக்கங்களுக்கும் பொதுவாக்கி, எது எரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்க நான்கு சேர்த்தால் 12 போதும். ஆனால் அப்போது ஒவ்வொரு இலக்கமும் முறைவைத்துத்தான் எரிய முடியும்.

ஒளி அணைந்தபின்னும் கண்ணில் அது சற்று நேரம் தங்கும். நொடிக்கு சுமார் 60 தடவைக்கு மேல் மினுக்கினால், நேராகப் பார்க்கும் பெரும்பாலோருக்கு அது விடாத வெளிச்சம். ஓரக்கண் இதில் கெட்டிக்காரத்தனம் கூடியது, பிரகாசம் ஏறினாலும் மினுக்கல் எளிதில் பிடிபடும். ஆகவே கொஞ்சம் தாராளமாக வைப்பது நல்லது. இலக்கத்துக்கு 2 மில்லிநொடி என்றால் ஒரு சுற்றுக்கு 8 மில்லிநொடி, நொடிக்கு 125 சுற்று.

அப்படியானால் இன்னும் வேகமாக ஓட்டினால் என்ன? இலக்கத்தை இணைத்துத் துண்டிக்கும் டிரான்சிஸ்டர் அணைய சில மைக்ரோநொடி எடுக்கும். அதற்குள் அடுத்த எண்ணின் கோடுகள் வந்துவிட்டால், அவை பழைய இலக்கத்தில் மங்கலாகப் படியும். 1-க்குப் பக்கத்தில் 8 இருந்தால் இந்தப் பேய் நிழல் நன்றாகத் தெரியும். மாற்றும் முன் 50 மைக்ரோநொடி எல்லாவற்றையும் அணைத்துவைப்பதே மருந்து. 2 மில்லிநொடியில் அந்த இழப்பு இரண்டரை சதவீதம்தான். இலக்கத்துக்கு 100 மைக்ரோநொடி மட்டும் கொடுத்தால் பாதி வெளிச்சம் அதிலேயே போய்விடும்.

வெளிச்சக் கணக்கு வேறு இருக்கிறது. ஒவ்வோர் இலக்கமும் கால்வாசி நேரமே எரிவதால், சராசரி 5 மில்லிஆம்பியர் வேண்டுமென்றால் எரியும்போது 20 கொடுக்க வேண்டும். எட்டு இலக்கம் என்றால் 40. எல்.இ.டி. அந்த உச்சத்தைத் தாங்குவது சற்று நேரத்துக்கு மட்டுமே.

ஆபத்தும் இங்கேதான். வெப்பநிலை உணரியின் பதிலுக்காக நிரல் முக்கால் நொடி காத்துக் கிடந்தால், சுற்று நின்று ஓர் இலக்கம் மட்டும் பளீரென்று எரியும், மற்றவை இருண்டுவிடும். நிரல் முழுவதுமாக உறைந்துபோனால் அந்த இலக்கமே கருகலாம். அதனால் இலக்கம் மாற்றும் வேலையை மற்ற வேலைகளோடு வரிசையில் நிறுத்தாமல், 2 மில்லிநொடிக்கொரு முறை குறுக்கிட்டு நடத்தும் டைமரிடம் விடுகிறார்கள்.