காணாமல் போன ஓர் உறுப்பு

கோடு போட்ட நோட்டில், பேனாவால் எழுதிய ஒரு தொகையிடல் கணக்கு. தொகுதியில் x² + 10x + 7, பகுதியில் (x − 1)(x + 2)². அதற்குக் கீழே மாணவர் இதைப் பகுதி பின்னங்களாகப் பிரித்திருக்கிறார்: A/(x − 1) + C/(x + 2)². அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. x = 1 என்று பிரதியிட்டு A = 2 கண்டிருக்கிறார்; x = −2 என்று பிரதியிட்டு C = 3 கண்டிருக்கிறார். இரண்டு மதிப்புகளும் சரி. ஆனாலும் கடைசி விடை தப்பு.

கல்லூரி முதலாண்டு விடைத்தாள்களில் அடிக்கடி தென்படும் பிழை இது. வழிமுறை ஓடிக்கொண்டே இருக்கும், எங்கும் முட்டிக்கொள்ளாது. அதனால்தான் எழுதுகிறவருக்குச் சந்தேகமே வருவதில்லை.

இப்படிப்பட்ட பின்னத்தை அப்படியே தொகையிட நேரடிச் சூத்திரம் கிடையாது. 1/(x − 1) போன்ற எளிய பின்னத்துக்கு உண்டு. அதன் தொகை ln|x − 1|. எனவே பெரிய பின்னத்தை எளிய பின்னங்களின் கூடுதலாக உடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே தொகையிடுகிறார்கள். தொகுதியின் படி பகுதியின் படியைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. இல்லையென்றால் முதலில் வகுத்து ஈவைத் தனியே எடுத்துவிட வேண்டும். இங்கே மேலே படி 2, கீழே 3. ஆகவே வகுக்க வேண்டியதில்லை.

சிக்கல் (x + 2)² என்ற இடத்தில் இருக்கிறது. ஒரே காரணி இரண்டு முறை வந்தால் அதற்கு இரண்டு உறுப்புகள் வேண்டும்: B/(x + 2), C/(x + 2)². மூன்று முறை வந்தால் மூன்று. இதை விதியாக மனப்பாடம் செய்பவர்களே அதிகம். ஏன் என்று ஒரு முறை எழுதிப் பார்த்தவருக்கு அது மறக்காது.

மாணவர் கண்ட 2/(x − 1) என்பதை முழுப் பின்னத்திலிருந்து கழித்துப் பார்க்கலாம். பொதுப் பகுதிக்குக் கொண்டுவந்தால் மேலே x² + 10x + 7 − 2(x + 2)² வரும். சுருக்கினால் −x² + 2x − 1, அதாவது −(x − 1)². கீழே உள்ள (x − 1) அடிபட்டுப்போக, மிஞ்சுவது (1 − x)/(x + 2)². தொகுதியில் வெறும் எண் இல்லை, x இன்னும் இருக்கிறது. 1 − x என்பதை −(x + 2) + 3 என்று மாற்றி எழுதினால் இந்தப் பின்னம் −1/(x + 2) + 3/(x + 2)² என்று இரண்டாகப் பிரிகிறது. நோட்டில் காணாமல் போனது அந்த −1/(x + 2) தான்.

ஆக, B = −1. இதைக் கண்டுபிடிக்க இன்னும் குறுக்கான வழியும் உண்டு: இரு பக்கமும் x²-இன் கெழுக்களை ஒப்பிட்டால் A + B = 1. A = 2 என்று தெரிந்த பிறகு B தானாகக் கிடைக்கிறது.

x = 1, x = −2 என்ற பிரதியிடல்கள் மட்டும் ஏன் பிழையைக் காட்டவில்லை? சரியான சமன்பாட்டில் B-யோடு சேர்ந்து வருவது (x − 1)(x + 2). அந்த இரண்டு மதிப்புகளிலும் அது பூச்சியமாகிவிடும். B இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே ஒன்றுதான். எனவே சரிபார்க்க வேறொரு எண் வேண்டும்; x = 0 கைவசம் உள்ளதிலேயே சுலபமானது. மூலப் பின்னம் −7/4 தருகிறது. மாணவரின் இரண்டு உறுப்புகள் −2 + 3/4, அதாவது −5/4. விடுபட்ட உறுப்பின் −1/2-ஐச் சேர்த்தால் −7/4 சரியாக வந்துவிடுகிறது. ஓரத்தில் ஒரே வரியில் முடியும் வேலை.

தொகை: 2 ln|x − 1| − ln|x + 2| − 3/(x + 2) + c.

மூன்றாவது உறுப்பில் மடக்கை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னத்தைக் கண்டதும் பழக்கத்தில் 3 ln(x + 2)² என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அதை வகையிட்டால் 6/(x + 2) வரும், 3/(x + 2)² வராது. கையெழுத்தும் தன் பங்குக்குப் படுத்தும்: அடைப்புக்குறிக்கு மேல் சின்னதாக எழுதிய 2 அடுத்த வரிக்குப் போகும்போது விடுபடும், மட்டுக் குறியின் செங்குத்துக் கோடு 1 போலத் தெரியும். படியைக் கொஞ்சம் பெரிதாகவும், மட்டுக் கோடுகளை அடைப்பு உயரத்துக்கும் எழுதுவது நல்லது.

இந்த முறையை 1702-இல் லைப்னிட்சும் யோஹான் பெர்னூலியும் வெளியிட்டார்கள். காரணிப்படுத்துவதே கடினமான படி என்பது அப்போதே தெரிந்தது. x⁴ + a⁴ என்பதை மெய்யெண் காரணிகளாக உடைக்க முடியாது என்று லைப்னிட்ஸே கருதினார். உண்மையில் 2a²x²-ஐக் கூட்டிக் கழித்தால் அது (x² + √2ax + a²)(x² − √2ax + a²) என்று பிரிந்துவிடுகிறது.