முகம் மட்டும் மாற வேண்டும்

கல்யாண குரூப் போட்டோவுக்குக் கண்ணாடி பிரேம் போட்டுச் சுவரில் மாட்டிய வீடுகளில், பல வருடங்கள் கழித்து ஒரு சிக்கல் வரும். மழைக்கால ஈரத்தில் போட்டோவின் மேல்பூச்சான ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரேமைப் பிரித்துப் படத்தை இழுத்தால், ஒட்டிய இடம் கண்ணாடியோடு போய்விடும். அந்த இடத்தில் பாட்டியின் முகம் இருந்துவிட்டால், இருபது பேர் தெளிவாக நிற்கும் படத்தின் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும்.

இப்படிப்பட்ட படங்களை இப்போது ஏஐ மென்பொருளில் போட்டுச் சரிசெய்கிறார்கள். முகம் வந்துவிடுகிறது. ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பக்கத்தில் நிற்கும் தாத்தாவும் வேறு ஆள் மாதிரி ஆகியிருப்பார். பின்வரிசைப் பையனின் கண்கள் குழம்பியிருக்கும். புடவைக் கரையின் வேலைப்பாடு மாறியிருக்கும். கேட்டது ஒரு முகம், மாறியதோ படம் முழுக்க.

இதற்குக் காரணம், இந்த மென்பொருள்கள் படத்தைக் கையாளும் விதம். 2022 ஆகஸ்டில் வெளிவந்து பரவலான ஸ்டேபிள் டிஃப்யூஷனை எடுத்துக்கொள்வோம். அது படத்தின் பிக்சல்களில் நேரடியாக வேலை செய்வதில்லை. நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, எண்களின் கட்டமாக மாற்றிக்கொள்கிறது. அந்தக் கட்டத்தில் வேலையை முடித்து, மறுபடி விரித்துப் படமாக்குகிறது. இந்தச் சுருக்கி விரிக்கும் வேலையிலேயே நுணுக்கங்கள் கொஞ்சம் தொலைந்துபோகும். எதையும் மாற்றச் சொல்லாமல் உள்ளே அனுப்பி வெளியே எடுத்தாலும், சின்ன எழுத்தும் தூரத்து முகமும் லேசாகச் சிதைந்துதான் வரும்.

ஆகவே இரண்டு காரியம் நடந்தாக வேண்டும். எங்கே மாற்றலாம் என்று மாஸ்க் போட்டுச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும், மாஸ்க்குக்கு வெளியே உள்ள பகுதியை மூலப் படத்திலிருந்தே எடுத்துத் திரும்பப் பொருத்த வேண்டும். மாஸ்க் என்பது படத்தின் அளவிலேயே இருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைத் தாள். வெள்ளை இடம் மாறலாம், கறுப்பு இடத்தைத் தொடக்கூடாது. கார் பட்டறையில் கதவுக்கு மட்டும் பெயின்ட் அடிக்க, கண்ணாடிக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்டுவார்களே, அதே வேலைதான். ஆட்டோமேட்டிக்1111 என்ற இலவச மென்பொருள் அந்தத் திரும்பப் பொருத்தும் வேலையைத் தானே செய்துவிடுகிறது. காம்ஃபி யூஐயில் அதற்கென `ImageCompositeMasked` என்ற கட்டத்தை நாம் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டால் மாஸ்க் போட்டும் பிரயோசனமில்லை, தாத்தா மாறத்தான் செய்வார்.

நம் குரூப் போட்டோவையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறுக்கு நான்கு அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 3600-க்கு 2400 பிக்சல் வரும். அதில் பாட்டியின் முகம் சுமார் 160 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். முழுப் படத்தையும் 1024 அகலத்துக்குச் சுருக்கிக் கொடுத்தால் முகம் 45 பிக்சலாகிவிடும். எட்டால் வகுத்தால் ஆறு கட்டம்கூட இல்லை. ஆறு கட்டத்துக்குள் இரண்டு கண், மூக்கு, உதடு என்றால் எப்படி வரும்? குரூப் போட்டோ முகங்கள் கோரமாக வருவது இதனால்தான்.

அதற்குத்தான் `Only masked` என்ற தேர்வு. மாஸ்க் போட்ட முகத்தையும் அதைச் சுற்றிக் கொஞ்ச இடத்தையும் மட்டும் வெட்டி, பெரிதாக்கி, அதில் வேலை செய்து, சுருக்கி, பழைய இடத்தில் வைத்துவிடும். சுற்றிலும் 64 பிக்சல் சேர்த்து வெட்டி, 768 பிக்சல் சதுரமாகப் பெரிதாக்கினால், அதே முகம் 370 பிக்சல் அகலத்துக்கு மேல் விரியும். ஆறு கட்டம் இப்போது நாற்பத்தாறு ஆகிறது. அந்தச் சுற்று இடத்தைக் கஞ்சத்தனமாக வைக்கக் கூடாது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, கழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையெல்லாம் மென்பொருள் அங்கிருந்துதான் தெரிந்துகொள்கிறது. எழுதிக் கொடுக்கும் விவரத்திலும் முகத்தை மட்டும் சொல்ல வேண்டும். "இருபது பேர் நிற்கும் கல்யாணப் படம்" என்று எழுதினால், வெட்டிய அந்தச் சதுரத்துக்குள் கூட்டத்தையே வரைய முயலும். பாட்டியின் கன்னத்தில் குட்டி மனிதர்கள் முளைப்பார்கள்.

இனி முக்கியமான விஷயம். மென்பொருளுக்கு உங்கள் பாட்டியைத் தெரியாது. வெள்ளைத் திட்டை மட்டும் கொடுத்தால் அது ஏதோ ஒரு வயதான பெண்ணை வரையும். பொருத்தமாக, அழகாகக்கூட வரையும். ஆனால் அவர் உங்கள் வீட்டில் வாழ்ந்தவர் அல்ல. எனவே பாட்டியின் வேறொரு படத்தைத் தேடி எடுங்கள். ஏறக்குறைய அதே வயது, தலை அதே பக்கம் திரும்பியது, வெளிச்சமும் அதே பக்கமிருந்து விழுவது. அந்த முகத்தை ஃபோட்டோஷாப்பிலோ ஜிம்ப்பிலோ வெட்டி, அளவு சரிசெய்து, திட்டின் மேல் ஒட்டுங்கள். பக்கம் பொருந்தவில்லை என்று படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிவிட வேண்டாம். மூக்குத்தி மறுபக்கம் போய்விடும், வகிடும் மாறிவிடும். வீட்டுப் பெரியவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படி ஒட்டிய படத்துக்கு மாஸ்க் போட்டு, `Masked content` என்ற இடத்தில் `original` என்று வைத்து, `Denoising strength` அளவை 0.3 முதல் 0.4 வரை வையுங்கள். வழக்கமாக அதில் 0.75 என்று இருக்கும். அந்த அளவில் ஒட்டிய முகம் கரைந்து புது ஆள் வந்துவிடுவார். 0.3 பக்கம் வைத்தால் ஒட்டின விளிம்பு மறையும், நிழல் இசையும், சாயல் பெரும்பாலும் தங்கும். எனக்குக் கேட்டால் கொஞ்சம் ஒட்டுத் தெரிந்தாலும் பரவாயில்லை, சாயல் போகக் கூடாது என்பேன்.

மாஸ்க்கின் விளிம்பைக் கன்னத்தின் நடுவில் கொண்டுபோகாதீர்கள். அங்கே சிறு நிற வித்தியாசமும் கோடாகத் தெரியும். தலைமுடி ஓரம், தாடைக்குக் கீழ் நிழல், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றின் வழியே விளிம்பு போனால் கண்ணுக்குப் படாது. சேதமாகாத தோடும் கண்ணாடியும் மாஸ்க்குக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே வந்தால் டிசைன் மாறிவிடும். பழைய படத்தில் இருக்கும் பொடிமணல் போன்ற புள்ளிகள் புது முகத்தில் இருக்காது. பிளாஸ்டிக் மாதிரி வழவழவென்று நிற்கும். முகப் பகுதிக்கு மட்டும் லேசாக நாய்ஸ் சேர்த்தால் கலந்துவிடும்.

வெளியே எதுவும் மாறவில்லை என்பதைக் கண்ணால் முடிவு செய்ய முடியாது. மூல ஸ்கேனைக் கீழ் லேயரிலும் புதுப் படத்தை மேல் லேயரிலும் வைத்து, மேல் லேயரை `Difference` முறைக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். சிறு மாற்றமும் தெரியும்படி வெளிச்சத்தை நன்றாக ஏற்றிப் பாருங்கள். முகமும் அதன் மெல்லிய விளிம்பும் மட்டும் தெரிந்தால் வேலை சுத்தம். எல்லா முகங்களின் ஓரத்திலும் மங்கலான கோடுகள் தெரிந்தால், முழுப் படமும் அந்தச் சுருக்கி விரிக்கும் வேலைக்குள் போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். ஒப்பிடும் இரண்டு கோப்பும் பிஎன்ஜி அல்லது டிஃப் வடிவில் இருக்கட்டும். ஜேபெக்காகச் சேமித்தால் அதுவே படம் முழுக்கச் சிறு மாற்றங்களைச் செய்துவிடும்.

சரிசெய்த படத்தைப் பிரேம் போட்டு மாட்டுங்கள், அதில் தவறில்லை. ஆனால் வெள்ளைத் திட்டோடு இருக்கும் அந்த முதல் ஸ்கேனை அழித்துவிடாதீர்கள். புதுப் படத்தின் பின்பக்கம், எந்த முகம் எந்தப் படத்திலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டது என்று பேனாவால் இரண்டு வரி எழுதி, தேதியும் போட்டு வையுங்கள்.