போட்டோவில் இருக்கும் கணக்கை எக்ஸெல்லில் மீட்பது எப்படி?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறு வீடுகள். ஏப்ரல், மே, ஜூன் மாதப் பராமரிப்புத் தொகைக் கணக்கை எழுதி வைத்திருந்தவரின் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. பேக்கப் இல்லை. நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த பிரிண்ட் அவுட்டும் மழையில் போயிற்று. மிச்சம் இருந்தது, நான் மொபைலில் எடுத்து வைத்திருந்த ஒரு போட்டோ மட்டும்தான். யார் பாக்கி, யாருக்கு அபராதம் என்பதை அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

எக்ஸெல் மொபைல் ஆப்பில் படத்திலிருந்து அட்டவணையை எடுக்கும் வசதி இருக்கிறது. அது இல்லாவிட்டால் போட்டோவைப் பெரிதாக்கி வைத்து, பார்த்து டைப் செய்யலாம். எந்த வழியானாலும் பிழை வரும். அதைப் பிடிக்க பிரிண்ட் அவுட்டில் இருக்கும் கூட்டுத் தொகைகளே போதும்.

A நெட்டு வரிசையில் வீட்டு எண், B, C, D-யில் மூன்று மாதங்கள், E-யில் கூட்டுத் தொகை. முதல் படுக்கை வரிசையில் தலைப்பு, 2 முதல் 7 வரை வீடுகள், 8-ல் மாதக் கூட்டுத் தொகை. இங்கே பலர் ஒரு தவறு செய்வார்கள். E-யிலும் 8-லும் SUM பார்முலா போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் நீங்கள் தப்பாக டைப் செய்த எண்ணையே எக்ஸெல் கூட்டிக் காட்டும். எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். போட்டோவில் உள்ள கூட்டுத் தொகைகளை எண்ணாகவே டைப் செய்யுங்கள். பார்முலாவைப் பக்கத்தில் தனியே போடுங்கள். F2, G2, B9, B10 செல்களில் முறையே:

```
=SUM(B2:D2)
=F2-E2
=SUM(B2:B7)
=B9-B8
```

முதல் இரண்டையும் 8-ஆம் வரிசை வரை கீழே இழுங்கள். அடுத்த இரண்டையும் E வரை வலது பக்கம் இழுங்கள். G-யிலும் 10-ஆம் வரிசையிலும் எல்லாம் பூஜ்யமாக வர வேண்டும். முதலில் G8, E10 இரண்டையும் பாருங்கள். அவை பூஜ்யம் என்றால் கூட்டுத் தொகைகளைச் சரியாகப் படித்திருக்கிறோம் என்று நம்பி மேலே போகலாம்.

எனக்கு அவை பூஜ்யம்தான். ஆனால் ஆறாம் வீட்டின் வரிசையில் -1580 வந்தது. ஒரு செல்லின் முழுத் தொகையே குறைகிறது என்றால் அந்த செல்லை SUM கூட்டவே இல்லை என்று அர்த்தம். பார்த்தால் மே மாதத்தில் 1580-ன் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து O. எண்கள் செல்லில் வலது பக்கம் ஒட்டி நிற்கும். இது இடது பக்கம் நின்றது.

அதைத் திருத்திய பிறகும் மூன்று இடங்கள் மிஞ்சின. மூன்றாம் வீட்டின் G4-ல் 60, மே மாதத்தில் 3150, ஜூனில் -3090. ஒரே ஒரு செல் தப்பு என்றால் படுக்கை வரிசையிலும் நெட்டு வரிசையிலும் ஒரே வித்தியாசம் வரும். இரண்டும் சந்திக்கும் செல்தான் குற்றவாளி. இங்கே 60 எந்த மாதத்திலும் தனியாக இல்லை. ஆகவே ஒன்றின் மேல் இன்னொரு பிழை ஏறியிருக்கிறது.

மூன்றாம் வீட்டின் மூன்று எண்களையும் போட்டோவுடன் ஒப்பிட்டேன். ஜூனில் 1810 என்பது 1870 ஆகியிருந்தது. காகித மடிப்பு 1-ஐ 7 ஆக்கிவிட்டது. அதை மாற்றியதும் மே 3150, ஜூன் -3150. படுக்கை வரிசை எல்லாம் பூஜ்யம்!

இப்படி ஒரு மாதத்தில் கூடி, அதே அளவு இன்னொரு மாதத்தில் குறைந்தால், எண் சரி, இடம்தான் தப்பு. Ctrl+F அழுத்தி 3150 தேடினேன். நான்காம் வீட்டில் மே மாதத்தில் இருந்தது. போட்டோவில் அந்த வீட்டுக்கு மே காலி; ஜூனில் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 3150 கட்டியிருக்கிறார்கள். காலி செல்லை விட்டுவிட்டதால் ஜூன் தொகை இடது பக்கம் நகர்ந்துவிட்டது. அப்படியே விட்டிருந்தால் ஜூனில் எதுவும் கட்டாதவர் என்று அவர் பெயர் பாக்கிப் பட்டியலில் ஏறியிருக்கும்.

வேறு ஒரு தோற்றமும் வரலாம். வீடுகளின் வரிசை எல்லாம் பூஜ்யம், ஆனால் எல்லா மாதங்களும் குறைகின்றன என்றால், ஒரு வரிசை முழுவதும் விட்டுப்போயிருக்கிறது. பழைய பைலில் யாராவது அதை Hide செய்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். மறைத்த வரிசை பிரிண்ட்டில் வராது; ஆனால் SUM அதையும் கூட்டிவிடும்.

எல்லாம் பூஜ்யம் ஆனாலும் A நெட்டு வரிசையை இந்தக் கூட்டல் தொடுவதில்லை. வீட்டு எண்கள் ஒரு செல் கீழே இறங்கியிருந்தாலும் கணக்கு சரியாகவே காட்டும். அதை மட்டும் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் போட்டோவை வைத்துக்கொண்டு, ஒருவர் வாசிக்க ஒருவர் டிக் அடித்தோம். ஐந்து நிமிடம்தான் ஆனது.