கதவின் விளிம்பில் ஒரு பை

மார்ட்டிஸ் பூட்டு கதவின் பக்க விளிம்பைக் குடைந்து உள்ளே புதைக்கப்படுவது. 35 மில்லிமீட்டர் கனமுள்ள தேக்குக் கதவில் 15 மில்லிமீட்டர் பெட்டியை இறக்கினால், இருபுறமும் பத்து பத்து மில்லிமீட்டர் மரம்தான் மிஞ்சும். அதனால் நடுக்கோடு பிசகவே கூடாது.

அந்தக் கோட்டின் மேல் 14 மில்லிமீட்டர் பிட்டால் வரிசையாகத் துளையிடுங்கள். ஆழம் தெரிய பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளலாம். துளைகளுக்கு இடையே நிற்கும் மரத்தை உளியால் சீவி எடுக்க வேண்டும். உளியை நெம்பினால் பக்கச் சுவர் பிளந்துவிடும். பெட்டி கை அழுத்தத்திலேயே இறங்க வேண்டும். சுத்தியலால் தட்டி இறக்கினால் உள்ளிருக்கும் நாக்கு சிக்கும். பிறகு முகத்தகட்டின் கனத்துக்கு மட்டும் விளிம்பைச் செதுக்குங்கள்.

கைப்பிடித் துளையில்தான் பலர் தவறுகிறார்கள். பூட்டைக் கதவின் முகத்தில், அது உள்ளே உட்காரும் அதே உயரத்தில் வையுங்கள். முகத்தகட்டின் வெளிப்பரப்பு கதவு விளிம்போடு சமமாக இருக்கட்டும். தகட்டை விளிம்புக்கு வெளியே விட்டு அளந்தால், அதன் கனமான 3 மில்லிமீட்டர் அளவுக்குத் துளை தள்ளிப்போகும். சதுரத்துளையின் மையத்தையும் சாவித்துளையையும் ஊசியால் குத்தி, மறுபக்கமும் அப்படியே குறியுங்கள். பூட்டை எடுத்துவிட்டு இருபுறமிருந்தும் பாதிப் பாதியாகத் துளையிட்டால் மரம் சிம்பு பெயராது.

கதவைத் திறந்துவைத்தே சோதியுங்கள். கைப்பிடி தானாக மேலே திரும்பவில்லையென்றால், சதுரக்கம்பி மரத்தில் உரசுகிறது என்று பொருள்.