போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று வருபவர்கள்

ஆன்லைன் டிரேடிங் செயலியிலோ பகுதி நேர வேலை மோசடியிலோ பணத்தைப் பறிகொடுத்தவருக்கு, சில வாரங்கள் கழித்து வாட்ஸ்அப்பில் இன்னொரு அழைப்பு வருகிறது. "சார், உங்க கேஸ் எங்ககிட்ட வந்திருக்கு. அமவுன்ட் ஹோல்டுல இருக்கு. பிராசஸிங் ஃபீஸ் மட்டும் கட்டிட்டீங்கன்னா பத்து நாள்ல அக்கவுன்ட்டுக்கு வந்துடும்." பேசுபவருக்குப் பெயர் தெரிகிறது, எந்தச் செயலி என்று தெரிகிறது, இழந்த தொகை ரூபாய் கணக்கில் தெரிகிறது. போலீஸுக்கும் தனக்கும் மட்டுமே தெரிந்த விவரத்தைச் சொல்கிறாரே என்று மனம் இளகிவிடுகிறது. ஆனால் அந்த விவரம் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. பணத்தை எடுத்தவர்.

முதல் மோசடியைச் செய்த கும்பலே வேறு எண்ணில் வரலாம். ஏமாந்தவர்களின் பட்டியலை வாங்கிய வேறொரு கும்பலும் வரலாம். சில நேரம் வழி காட்டுவது பாதிக்கப்பட்டவரேதான். "இந்த ஆப்ல மூணு லட்சம் போச்சு, யாராவது உதவுங்க" என்று ஃபேஸ்புக்கிலோ யூடியூபிலோ போடும் ஒரு கமென்ட்டே அவர்களுக்குப் போதும்.

இது உலகம் முழுக்க ஒரே அச்சில் நடக்கிறது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மோசடியில் பணம் இழந்தவர்கள் கூடும் இணையக் குழுக்களில், தானும் ஏமாந்தவள் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் பெயரில் கணக்கு நுழையும். தன் பணம் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லி, டெலிகிராமில் 'ஜேமி க்வின்' என்பவரைத் தொடர்புகொள்ளச் சொல்லும். அந்த ஆள், எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்துக்குத் தலைமை இயக்குநர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, பணம் கிடைத்துவிட்டது, வங்கி விவரத்தைக் கொடுங்கள் என்பார். அந்த மையத்தில் அப்படி ஒருவர் இல்லவே இல்லை. 2023 டிசம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, அந்த மையத்தின் பெயரைச் சொல்லி ஏமாற்றியது குறித்து நூறுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்தன. அங்கே எஃப்.பி.ஐ. என்றால், இங்கே சைபர் கிரைம், ரிசர்வ் வங்கி, ஹைகோர்ட் வக்கீல் என்று பெயர் மாறும், அவ்வளவுதான்.

இந்த வலையை அறுக்க, பணம் உண்மையில் எப்படித் திரும்பி வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவர் 3 லட்சம் ரூபாயை இழந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் முதலில் யாரோ ஒருவர் வாடகைக்குக் கொடுத்த வங்கிக் கணக்குக்குப் போகிறது. சில நிமிடங்களில் நான்கைந்து கணக்குகளாகப் பிரிகிறது. அங்கிருந்து கொஞ்சம் ஏ.டி.எம்.மில் எடுக்கப்படும், கொஞ்சம் கிரிப்டோவாக மாறும். இவர் இரண்டு மணி நேரத்துக்குள் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைத்தாரென்றால், புகார் உடனே சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குப் போகும். அடுத்தடுத்த கணக்குகளில் எங்கே பணம் மிச்சமிருக்கிறதோ, அதை வங்கி முடக்கி வைக்கும். இப்படி 70,000 ரூபாய் சிக்கியது என்று கொள்வோம். இப்போதைக்கு மீட்க வழியுள்ளது அந்த 70,000 மட்டும்தான். மீதிக்குக் குற்றவாளி பிடிபட்டு, அவரிடம் பணமோ சொத்தோ பறிமுதலாக வேண்டும். எனவே "மூணு லட்சமும் முழுசா வாங்கித் தர்றோம்" என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

முடக்கிய தொகையை விடுவிக்க, பொதுவாக நீதிமன்ற உத்தரவு வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுமே 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்துக்குள் வருகின்றன. அதன் சைபர் கிரைம் பிரிவு எஃப்.ஐ.ஆர். பதிவு செய்ததும், அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். பிறகு எல்லைக்குட்பட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-வது பிரிவில், தொகையை விடுவிக்கக் கோரி மனு போடலாம். விசாரணை அதிகாரியின் அறிக்கையைப் பார்த்து நீதிபதி உத்தரவிட்டால், அது வங்கிக்குப் போகும், வங்கி பணத்தைத் திருப்பும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். இந்தத் தாமதம்தான் மீட்பு ஏஜென்ட்டுகளின் மூலதனம்.

வங்கியோ போலீஸோ நீதிமன்றமோ இதற்காக யு.பி.ஐ.யில் 'ரிலீஸ் சார்ஜ்' கேட்பதில்லை. ஏஜென்ட் கேட்பார், அதுவும் தவணை தவணையாக. பதிவுக் கட்டணம் என்று 2,999 ரூபாயில் ஆரம்பிக்கும். அதைக் கட்டியதும், "ரீஃபண்ட் அப்ரூவ்டு" என்று சிங்க முத்திரை பதித்த ஒரு கடிதம் வரும். அடுத்து திரும்ப வரப்போகும் தொகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதற்கடுத்து தடையில்லாச் சான்று, கடைசியில் வருமான வரி. வரவேண்டிய தொகையிலேயே கழித்துக்கொள்ளுங்களேன் என்று கேட்டுப் பார்த்தால் போதும். அதற்கு மட்டும் அவரிடம் பதில் இருக்காது. ஒரு சிலருக்கு நம்பிக்கை வரவழைக்கச் சிறு தொகையை அனுப்பவும் செய்வார்கள். அது இன்னொரு ஏமாளியின் பணமாக இருந்தால், அடுத்து முடங்குவது வாங்கியவரின் கணக்கு. ஸ்கிரீன் ஷேர் செயலியை இறக்கச் சொல்வதும், புகார் போர்ட்டலுக்காக வந்த ஓ.டி.பி.யைக் கேட்பதும் இதைவிட ஆபத்தானவை.

வக்கீல் என்று சொல்லிக்கொண்டு வருபவரையும் சோதிக்க வழி உண்டு. பார் கவுன்சில் விதிகளின்படி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக்கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்து, மீளும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசவும் கூடாது. ஆகவே இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டு, "வர்றதுல முப்பது பர்சன்ட்" என்று பேரம் பேசுபவர் நிஜமாகவே வழக்கறிஞராக இருந்தாலும் விதியை மீறுகிறார். பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பவர்களுக்கு 15100 என்ற சட்ட உதவி எண் இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் கீழ் பெண்களுக்கும், பட்டியலினத்தவருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அதே பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். பட்டறைகளும் ஆலைகளும் நிறைந்த அம்பத்தூர், ஆவடி பகுதியில் இது பலருக்கும் தெரியாமலிருப்பது வேதனை. 503-வது பிரிவு மனுவை அப்படிக் கிடைக்கும் வழக்கறிஞரைக் கொண்டே போடலாம். வங்கியிடமே புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனிடம் cms.rbi.org.in தளத்தில் செலவில்லாமல் முறையிடலாம்.

ஏஜென்ட்டிடம் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் வேறு. ஆனால் சட்டத்தின் பார்வையில் அது புதிய குற்றம். ஏமாற்றியதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவும், அரசு ஊழியர் என்று நடித்திருந்தால் 204-வது பிரிவும் பொருந்தும். எனவே 1930-லோ cybercrime.gov.in தளத்திலோ தனிப் புகாராகவே கொடுக்க வேண்டும், பழைய புகாரின் எண்ணை அதில் குறிப்பிட வேண்டும். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் யு.டி.ஆர். எண், பெற்றவரின் யு.பி.ஐ. முகவரி, வாட்ஸ்அப் உரையாடல், அந்த முத்திரைக் கடிதம் எல்லாம் அழியாமல் இருக்கட்டும். கோபத்தில் எண்ணை பிளாக் செய்து உரையாடலை அழித்துவிட்டுப் போலீஸுக்குப் போகிறவர்கள், கையிலிருந்த சாட்சியையும் இழந்துவிடுகிறார்கள். ஏஜென்ட்டுக்குப் போன தொகையும் அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டுதான் இருக்கும். அன்றைக்கே அழைத்தால் அதில் ஒரு பகுதியையாவது முடக்க வாய்ப்பிருக்கிறது.