100 எம்பிபிஎஸ் இருந்தும் ஏன் திக்குகிறது?

கிளவுட் கேமிங்கில் விளையாட்டு ஓடுவது வீட்டுக் கணினியில் அல்ல, தொலைவிலுள்ள சர்வரில். பொத்தானை அழுத்தினால் கட்டளை அங்கே போகும். உருவாகும் காட்சி வீடியோவாகச் சுருங்கித் திரும்பி வரும்.

என்விடியாவின் ஜீஃபோர்ஸ் நவ், 1080பி தரத்தில் நொடிக்கு 60 காட்சிகள் காட்டக் கேட்பது 25 எம்பிபிஎஸ்தான். தாமதம் 80 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும். 40க்குள் இருந்தால் நல்லது.

சிக்கல் சீரின்மையில்தான்.

60 காட்சிகள் என்றால் 17 மில்லிவினாடிக்கு ஒன்று. தாமதம் 30லிருந்து 130க்குத் தாவினால் ஆறு காட்சிகள் நேரத்துக்கு வராது. சினிமாவை முன்கூட்டியே இறக்கிவைத்துச் சமாளிக்கலாம். விளையாட்டின் அடுத்த காட்சியை ஆடுபவரின் விரல்தான் தீர்மானிக்கிறது.

கோளாறு எங்கே? கணினியில் `ping` கட்டளையுடன் ரௌட்டரின் முகவரியைக் கொடுத்துப் பார்க்கலாம். அங்கேயே எண்கள் குதித்தால் வைஃபைதான் காரணம். கேபிள் செருகினால் தீரும். ரௌட்டர் வரை சீராக இருந்து, அதற்கு அப்பால் குதித்தால், வீட்டில் யாராவது வீடியோ பதிவேற்றுகிறார்களா என்று பார்த்துவிட்டு இணைப்பு நிறுவனத்தை அழைக்கலாம்.