ஒன்பதாவது ஆள் எங்கே போனான்?

தொண்ணூறுகளில் நம்மூர்க் கடைகளில் 'டிவி கேம்' என்று விற்ற பெட்டிகள் பலவும், ஜப்பானில் நிண்டெண்டோ 1983இல் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள்தான். விளையாடியவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. எதிரிகள் நாலைந்து பேர் ஒரே வரிசையில் கூடிவிட்டால், ஆளாளுக்கு மினுக் மினுக்கென்று மறைந்து தோன்றுவார்கள். தூசி அடைத்திருக்கும் என்று கேசட்டை உருவி ஊதிப் பார்த்தவர்கள் உண்டு. பாவம், தூசிமேல் ஒரு குற்றமும் இல்லை. பெட்டிக்குள் இருந்த படச் சிப்புக்கு நேரம் போதவில்லை, அவ்வளவுதான்.

முதலில் நிறக் கதை. ஃபேமிகாமின் திரையில் குறுக்கே 256, நெடுக்கே 240 புள்ளிகள்; மொத்தம் 61,440. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் தனித்தனியே குறித்து வைக்க ஏறத்தாழ 45 கிலோபைட் நினைவகம் வேண்டும். பெட்டியில் படத்துக்கென்று இருந்ததோ 2 கிலோபைட். அன்றைக்கு நினைவகம் விற்ற விலையில், 14,800 யென்னுக்கு விற்கும் பொம்மையில் அதற்குமேல் வைக்கக் கட்டுப்படியாகாது.

ஆகவே வடிவமைப்பாளர்கள் தரைக்கு டைல்ஸ் பதிப்பதுபோல் ஒரு வழி பிடித்தார்கள். எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சின்னச் சின்னப் படங்கள் கேசட்டில் இருக்கும். எந்த இடத்தில் எந்த டைல் என்பதை மட்டும் அந்த 2 கிலோபைட் நினைவில் வைத்துக்கொள்ளும். 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம். ஒன்றுக்கு வெள்ளை, மற்றதற்குப் பச்சை.

டைலின் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டே பிட். இரண்டு பிட்டில் நான்கு நிலைகளைத்தான் சொல்ல முடியும். நடமாடும் உருவங்களுக்கு, அதாவது ஸ்பிரைட்டுகளுக்கு, அந்த நான்கில் ஒன்று 'பின்னணி தெரியட்டும்' என்பதற்குப் போய்விடும். மிச்சம் மூன்று நிறம். சிப்புக்கு ஐம்பது சொச்சம் நிறங்கள் தெரியும் என்றாலும் மாரியோவுக்குக் கிடைத்தவை சிவப்பு, பழுப்பு, தோல் நிறம் மட்டுமே. தொப்பிக்குச் சிவப்பு போனது. முடி, மீசை, சட்டை, செருப்பு எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு! நான்காவதாக ஒரு நிறம் வேண்டுமென்றால் ஒரு ஸ்பிரைட்டின்மேல் இன்னொன்றை ஒட்டவைக்க வேண்டும். 'மெகா மேன்' நாயகனின் முகம் அப்படி ஒட்டியதுதான். ஆனால் அதற்கு ஸ்பிரைட் கணக்கில் செலவு எழுத வேண்டும்.

அந்தக் கணக்கு கறாரானது. திரை முழுவதற்கும் 64 ஸ்பிரைட். குறுக்கே ஓடும் ஒரு கோட்டில் எட்டுக்குமேல் கூடாது.

எட்டு ஏன்? பழைய டிவி படத்தை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரையும், யாருக்காகவும் நிற்காது. ஒரு கோட்டுக்குச் சிப்புக்குக் கிடைப்பது 341 துடிப்பு. முதல் 256 துடிப்பில் அது கோட்டை வரைந்துகொண்டே, அடுத்த கோட்டில் எந்தெந்த ஸ்பிரைட் வருகிறது என்று பட்டியலை மேலிருந்து பார்த்து, முதலில் அகப்படும் எட்டை எடுத்து வைக்கிறது. அந்த நேரம் முழுக்கக் கேசட்டுக்குப் போகும் பாதையைப் பின்னணி டைல்கள் பிடித்துக்கொள்கின்றன. கதிர் அடுத்த கோட்டின் தொடக்கத்துக்குத் திரும்பும் இடைவெளியில்தான் ஸ்பிரைட் படங்களைக் கொண்டுவர முடியும். அதற்கு ஒதுக்கியது 64 துடிப்பு. ஒரு ஸ்பிரைட்டுக்கு எட்டுத் துடிப்பு. கொண்டுவந்ததை வைத்துக்கொள்ளச் சிப்பில் எட்டு இடமே இருக்கிறது. ஒன்பதாவது ஆளுக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை.

ஒரு ஸ்பிரைட்டின் அகலம் எட்டுப் புள்ளி. மாரியோவின் அகலம் பதினாறு, எனவே ஒரு கோட்டில் அவனுக்கே இரண்டு போய்விடும். எதிரில் வரும் காளான்களுக்கும் ஆளுக்கு இரண்டு. மாரியோவும் மூன்று காளானும் ஒரே மட்டத்தில் நின்றால் எட்டு நிரம்பிவிட்டது. நான்காவது காளான் வந்தால், பட்டியலில் கடைசியாக இருப்பவர் அந்தக் கோடுகளில் காணாமல் போவார்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி முட்டிச் செத்தால் விளையாடுபவர் சும்மா இருப்பாரா? அதனால் நிரல் எழுதியவர்கள் நொடிக்கு 60 முறை பட்டியலின் வரிசையை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இந்தமுறை ஒருவர் விடுபட்டால் அடுத்தமுறை வேறொருவர். நாம் பார்த்த மினுக்கல் அதுதான். சந்தேகமிருந்தால் சோதிக்கலாம்: உருவங்கள் பக்கவாட்டில் வரிசை கட்டினால் மினுக்கும், அதே எண்ணிக்கை ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் மினுக்காது.

இன்றைய கணினியில் இந்த விளையாட்டுகளை ஓட்டும் எமுலேட்டர்கள் சிலவற்றில் எட்டு என்ற வரம்பை நீக்க ஒரு வசதி உண்டு. நீக்கினால் மினுக்கல் போய்விடும், ஆனால் 1987இல் வந்த இரண்டாவது 'கேஸில்வேனியா' கெட்டுவிடும். அதில் நாயகன் சதுப்பு நிலத்தில் இறங்கும்போது கால்கள் சேற்றில் புதைய வேண்டும். நிரலாளர்கள் வேண்டுமென்றே அந்த மட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத எட்டு ஸ்பிரைட்டுகளை முன்னால் நிறுத்தி, அவன் கால்களை ஒன்பதாவது இடத்துக்குத் தள்ளியிருந்தார்கள். வரம்பை எடுத்துவிட்டால் அவன் கால் நனையாமல் சேற்றின்மேல் நடக்கிறான்.